உயரம் தெரியாத முக்கோணத்துக்குப் பரப்பு: ஹெரான் சூத்திரம்

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. கோடு போட்ட நோட்டில் பேனாவால் வரைந்த முக்கோணம். பக்கத்துக்கு ஒன்றாக மூன்று எண்கள்: 110, 95, 60. ஓரத்தில் 'அடி' என்று எழுதியிருக்கிறது. படத்தோடு ஒரே ஒரு கேள்வி: "இது எத்தனை சென்ட் வரும்?"

மனை வாங்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ இப்படிப்பட்ட படம் யாருக்கும் வரலாம். பள்ளியில் படித்தது நினைவுக்கு வரும்: அடிப்பக்கம் பெருக்கல் உயரம், அதில் பாதி. சரி, அடிப்பக்கமாக 110-ஐ வைத்துக்கொள்ளலாம். உயரம் எங்கே? படத்தில் இல்லை. டேப் பிடித்தவர்கள் வரப்போடு நடந்து மூன்று பக்கத்தையும் அளந்துவிட்டு வந்துவிட்டார்கள். உயரம் என்பது ஒரு மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக, நிலத்தின் நடுவே போகும் கோடு. அதை யாரும் அளப்பதில்லை. கண்மட்டத்தில் செங்குத்துப் பிடிப்பதும் லேசு இல்லை.

உடனே ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து உயரத்தை அளந்து பார்க்கத் தோன்றும். அது வேண்டாம். நோட்டில் வரைந்தவர் அளவுத்திட்டப்படி வரையவில்லை. 110-ம் 60-ம் கிட்டத்தட்ட ஒரே நீளமாகக்கூட வரைந்திருப்பார். போதாக்குறைக்குப் போனைச் சாய்த்துப் படம் எடுத்திருந்தால் தூரத்தில் இருக்கும் பக்கம் இன்னும் சுருங்கித் தெரியும். படத்தில் நம்பத்தக்கவை அந்த மூன்று எண்கள் மட்டுமே. முக்கோணத்தின் தோற்றத்தைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று எண் போதுமா? போதும். மூன்று மூங்கில் குச்சிகளை முனைக்கு முனை கட்டிப் பாருங்கள். கட்டு தளர்வாக இருந்தாலும் அந்த முக்கோணத்தை அசைத்து வேறு வடிவத்துக்குக் கொண்டுபோக முடியாது. நான்கு குச்சிகளைக் கட்டினால் சதுரமாகவும் நிற்கும், சாய்ந்து படுத்தும் போகும். முக்கோணத்தில் பக்க நீளங்கள் முடிவாகிவிட்டால் கோணங்களும் உயரமும் பரப்பும் சேர்ந்தே முடிவாகிவிடுகின்றன. ஆகவே பரப்பு அந்த மூன்று எண்களுக்குள்ளேயே இருக்கிறது. அதை வெளியே எடுக்கும் வழிதான் ஹெரான் சூத்திரம்.

கணக்கைப் போட்டுவிடுவோம்

முதலில் மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். இதற்கு அரைச் சுற்றளவு என்று பெயர். s என்று குறிப்பார்கள்.

```
s = (110 + 95 + 60) / 2 = 132.5
```

அடுத்து, இந்த s-லிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கழிக்க வேண்டும்.

```
132.5 - 110 = 22.5
132.5 - 95  = 37.5
132.5 - 60  = 72.5
```

இப்போது கையில் நான்கு எண்கள்: 132.5, 22.5, 37.5, 72.5. நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பரப்பு.

```
132.5 × 22.5 × 37.5 × 72.5 = 8105273.4 (சுமார்)
√8105273.4 = 2847 (சுமார்)
```

பக்கங்களை a, b, c என்று வைத்தால் எழுதும் முறை இது:

```
பரப்பு = √( s × (s − a) × (s − b) × (s − c) )
```

பக்கங்கள் அடியில் இருந்ததால் விடை 2847 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வகுத்தால் 6.54 சென்ட் சுமாராக வருகிறது. கேட்டவருக்கு 'ஆறரை சென்டுக்குக் கொஞ்சம் கூட' என்று சொல்லிவிடலாம்.

கழித்து வந்த மூன்று எண்களையும் கூட்டிப் பார்த்தால் திரும்ப s வர வேண்டும். 22.5, 37.5, 72.5 மூன்றும் சேர்ந்து 132.5. கழித்தலில் எங்காவது தவறியிருந்தால் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும். கால்குலேட்டரில் பெரிய பெருக்கலுக்குப் போகும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

போன் கால்குலேட்டர் சிலவற்றில் √ பொத்தான் எளிதில் அகப்படாது. போனை நிமிர்த்திப் பிடித்தால் ஒளிந்திருக்கும், படுக்கப் போட்டால் வரும். அதுவும் இல்லையென்றால் ஒரு பழைய வழி இருக்கிறது. விடைக்கு அருகில் இருக்கும் ஓர் எண்ணை ஊகித்து, அதனால் வகுத்து, ஊகத்துக்கும் ஈவுக்கும் சராசரி எடுப்பது. 2850 என்று ஊகிப்போம். 8105273-ஐ 2850-ஆல் வகுத்தால் 2843.96 வரும். இரண்டுக்கும் நடுவில் 2846.98. ஒரே சுற்றில் போதுமான துல்லியம் கிடைத்துவிட்டது.

இந்த வழியையும் ஹெரான் எழுதி வைத்திருக்கிறார். அவர் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நகரில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கக் கணித அறிஞர், பொறியாளரும்கூட. 'மெட்ரிகா' என்ற அவருடைய அளவீட்டு நூலில் 7, 8, 9 என்ற பக்கங்கள் கொண்ட முக்கோணம் எடுத்துக்காட்டாக வருகிறது. s = 12; கழித்தால் 5, 4, 3; நான்கையும் பெருக்கினால் 720. இதற்கு முழு வர்க்கமூலம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் முழு வர்க்கம் 729, அதன் மூலம் 27. 720-ஐ 27-ஆல் வகுத்து, வந்ததோடு 27-ஐக் கூட்டிப் பாதியாக்கி 26 5/6 என்று விடை சொல்கிறார். இன்றைய கால்குலேட்டர் 26.8328 என்கிறது, அவருடையது 26.8333. அந்த நூல் நெடுங்காலம் காணாமல் போயிருந்து, 1896-இல்தான் கான்ஸ்டாண்டிநோபிளில் அதன் கையெழுத்துப் படி கிடைத்தது. சூத்திரம் ஹெரானுக்கும் முந்தியது, ஆர்க்கிமிடீஸுடையது என்று 11-ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்-பிருனி எழுதியிருக்கிறார். யாருடையதாக இருந்தாலும் பெயர் ஹெரானுக்கு ஒட்டிக்கொண்டது.

இது எங்கிருந்து வருகிறது?

நான்கு எண்களைப் பெருக்கி மூலம் எடுத்தால் எப்படிப் பரப்பு வரும் என்பது முதல் பார்வையில் மாயம் போலத்தான் இருக்கும். அதே மனையை வைத்தே பார்ப்போம். புது அறிவு எதுவும் வேண்டாம்; பிதாகரஸ் தேற்றமும், a² − b² = (a + b)(a − b) என்பதும் போதும்.

110 அடிப் பக்கத்தைக் கீழே வைத்து, எதிர் மூலையிலிருந்து அதன் மேல் உயரத்தை இறக்குங்கள். உயரம் h. அது 110-ஐ இரண்டு துண்டாக வெட்டும். 95 அடிப் பக்கத்தின் கீழ் இருக்கும் துண்டு x. 60 அடிப் பக்கத்தின் கீழ் இருப்பது 110 − x. இப்போது இரண்டு செங்கோண முக்கோணங்கள், நடுவில் ஒரே h. பிதாகரஸ்படி h²-ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

```
h² = 95² − x²
h² = 60² − (110 − x)²
```

இரண்டும் ஒன்றே என்பதால் சமப்படுத்தினால் x² அடிபட்டுப் போகும்.

```
9025 = 3600 − 12100 + 220x
x = 17525 / 220 = 79.66 (சுமார்)
```

x தெரிந்துவிட்டது. 95-இன் வர்க்கத்திலிருந்து 79.66-இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் h சுமார் 51.76 அடி. அப்புறம் பள்ளியில் படித்த சூத்திரம்: 110 × 51.76 ÷ 2 = 2847. ஹெரான் சொன்ன அதே விடை. சூத்திரம் மறந்துபோனால் இந்த வழியிலேயே கணக்கை முடித்துவிடலாம்; கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

சரி, அந்த நான்கு எண்கள் எங்கே? h² = (95 + x)(95 − x) என்று பிரித்து, x-ஐத் தசமமாக்காமல் அப்படியே உள்ளே போட்டுப் பாருங்கள். x என்பது (110² + 95² − 60²) / 220. முதல் அடைப்புக்குள் இருக்கும் 95-ஐயும் 220-ஐக் கீழே வைத்து எழுதினால், மேலே 110² + 2 × 110 × 95 + 95² − 60² என்று சேரும். முதல் மூன்றும் (110 + 95)². ஆக (205)² − (60)². அது மறுபடியும் இரு வர்க்கங்களின் வித்தியாசம். இரண்டாவது அடைப்பிலும் அதே போல (60)² − (15)² வரும்.

```
95 + x = (205² − 60²) / 220 = 265 × 145 / 220
95 − x = (60² − 15²) / 220 = 75 × 45 / 220
```

265, 145, 75, 45. ஒவ்வொன்றையும் பாதியாக்குங்கள்: 132.5, 72.5, 37.5, 22.5. நாம் பெருக்கிய அதே நான்கு எண்கள்! சுற்றளவில் பாதியை எடுப்பது இதற்காகத்தான். பாதியாக்காமலேயே பெருக்கி மூலம் எடுத்தால் பரப்பைப் போல நான்கு மடங்கு வரும். பாதியாக்கிவிட்டால் அந்த நான்கு தானாகக் கழன்றுவிடுகிறது. அடிப்பக்கம் 110-உம் கீழே இருந்த 220-உம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, கடைசியில் நான்கு எண்களின் வர்க்கமூலம் மட்டும் நிற்கிறது.

ஊர்க்கணக்கு சொல்வது வேறு

மேலே வந்த 6.54 சென்டைச் சொன்னதும், "இல்லையே, தரகர் ஏழு சென்ட் என்றாரே" என்று பதில் வர வாய்ப்பு உண்டு. அந்த ஏழு எப்படி வருகிறது என்று பார்க்கலாம். நாற்கர நிலத்துக்குப் பல ஊர்களில் ஒரு கணக்குப் போடுவார்கள்: எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு, இரண்டு பாதிகளையும் பெருக்கு. நிலம் செவ்வகத்துக்கு அருகில் இருந்தால் இது கிட்டத்தட்டச் சரியாக வரும். முக்கோணம் வந்தால் நான்காவது பக்கம் பூச்சியம் என்று வைத்துவிடுவார்கள். நம் மனையில் 110-ஐயும் 95-ஐயும் எதிர்ப்பக்கங்களாக எடுத்தால் பாதி 102.5, 60-க்கும் பூச்சியத்துக்கும் பாதி 30. பெருக்கினால் 3075 சதுர அடி, அதாவது ஏழு சென்டுக்குச் சற்று மேல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எந்த இரண்டு பக்கத்தை எதிரெதிராக எடுப்பது என்பது நம் இஷ்டம். 110-ஐயும் 60-ஐயும் எடுத்தால் 4037.5 சதுர அடி. 95-ஐயும் 60-ஐயும் எடுத்தால் 4262.5, அது 9.8 சென்ட்! ஒரே மனைக்கு மூன்று பரப்பு. ஒரு கணக்குமுறை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து விடையை மாற்றினால், அதை நம்ப முடியாது. ஹெரான் சூத்திரத்தில் பக்கங்களை எந்த வரிசையில் போட்டாலும் விடை மாறாது.

இந்த முறையில் பரப்பு எப்போதும் கூடுதலாகவே வரும், குறைவாக வரவே வராது. காரணம் எளிது. மூன்றாவது பக்கத்தை அடியாக வைத்தால், நமக்கு வேண்டியது செங்குத்து உயரம். இந்தக் கணக்கு உயரத்துக்குப் பதில் இரண்டு சாய்வுப் பக்கங்களின் சராசரியைப் போடுகிறது. ஒரு மூலையிலிருந்து ஒரு கோட்டுக்குப் போகும் வழிகளில் மிகக் குட்டையானது செங்குத்துதான். சாய்வுகளின் சராசரி அதைவிட நீளமாகத்தான் இருக்கும். விற்பவருக்கு இந்தக் கணக்குப் பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை.

இது நம்மூரில் மட்டும் இருந்த பழக்கமும் அல்ல. எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில் பொறித்த நிலக்கணக்குகளில், முக்கோணத்தை ஒரு பக்கம் இல்லாத நாற்கரமாக வைத்து இதே மாதிரிதான் பரப்புப் போட்டிருக்கிறார்கள். இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலில் இந்தக் கூட்டிப் பாதியாக்கும் கணக்கைத் தோராயமானது என்று ஒதுக்கிவிட்டு, துல்லியமான பரப்புக்குப் பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதியை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்துப் பெருக்கி மூலம் எடுக்கச் சொல்கிறார். முக்கோணத்துக்கு அது அப்படியே ஹெரானுடையதுதான்.

விடை சரியா என்று பார்க்கக் கையோடு ஒரு சோதனை இருக்கிறது. இருப்பதில் சின்னப் பக்கங்கள் இரண்டையும் பெருக்கிப் பாதியாக்குங்கள். 95 × 60 ÷ 2 = 2850. முக்கோணத்தின் பரப்பு ஒருபோதும் இதைத் தாண்டாது. அந்த இரு பக்கமும் செங்கோணத்தில் சந்தித்தால்தான் முழு 2850 கிடைக்கும். நம் விடை 2847, உள்ளேதான் இருக்கிறது. தரகரின் 3075 தாண்டிவிட்டது. வர்க்கமூலம் எடுக்காமலேயே, மனக்கணக்கிலேயே, ஏழு சென்ட் நடக்காது என்று சொல்லிவிடலாம்.

படத்தைப் படிப்பதில் வரும் தவறுகள்

சூத்திரம் தவறு செய்யாது. உள்ளே போகும் எண்தான் தவறிப்போகும். அதில் முதலிடம் அடி-அங்குலத்துக்கு. நோட்டில் 95.6 என்று எழுதியிருந்தால் எழுதியவர் மனதில் இருப்பது பெரும்பாலும் 95 அடி 6 அங்குலம். ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால் 6 அங்குலம் என்றால் அரை அடி. கணக்கில் போட வேண்டியது 95.5. இதில் வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் 95.10 என்று இருந்தால்? கால்குலேட்டருக்கு அது 95.1. எழுதியவருக்கு 95 அடி 10 அங்குலம், அதாவது 95.83. இந்த ஒரு புள்ளியால் நம் மனையில் சுமார் 20 சதுர அடி காணாமல் போகும். படத்தில் எங்காவது புள்ளிக்குப் பின் 10 அல்லது 11 இருந்தால் அது அங்குலம் என்பதற்கு நல்ல அடையாளம். புள்ளிக்குப் பின் 25, 75 போல வந்தால் அது தசமம். இரண்டும் இல்லாமல் 3, 6 என்று மட்டும் இருந்தால் ஊகிக்காமல் அனுப்பியவரையே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, அலகு. கையால் எழுதிய நோட்டில் அடி இருக்கும். சர்வே துறையின் புலப்படத்தில், எஃப்.எம்.பி. என்று சொல்கிறோமே அதில், மீட்டர் இருக்கும். மூன்று பக்கமும் மீட்டரில் இருந்தால் விடை சதுர மீட்டரில் வரும், சென்டாக்க 40.47-ஆல் வகுக்க வேண்டும். பட்டாவில் ஏர் கணக்கில் பார்ப்பதானால் 100 சதுர மீட்டர் ஓர் ஏர். இரண்டு பக்கத்தை அடியிலும் ஒன்றை மீட்டரிலும் எழுதி வைத்த படங்களும் சுற்றுகின்றன. மேலும் புலப்படத்தில் உள்ளே ஓடும் கோடுகளுக்கும் எண் போட்டிருப்பார்கள். எல்லையில் இருக்கும் எண்தான் பக்கம். உள்ளே இருப்பதை எடுத்துச் சூத்திரத்தில் போட்டால் வேறெந்த நிலத்துக்கோ பரப்பு வரும்.

படம் மங்கலாக இருந்து 95-ஐ 45 என்று படித்துவிட்டால் என்ன ஆகும்? 45-உம் 60-உம் சேர்ந்து 105. மூன்றாவது பக்கமோ 110. அந்த இரண்டு பக்கமும் 110-இன் இரு முனைகளிலிருந்து கிளம்பினால் நடுவில் சந்திக்கவே முடியாது. அப்படி ஒரு முக்கோணமே கிடையாது. சூத்திரத்திலும் இது தெரியும்: s = 107.5, அதிலிருந்து 110-ஐக் கழித்தால் −2.5. மூலத்துக்குள் குறை எண். எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் போடுபவர்கள் A1, B1, C1-இல் பக்கங்களை வைத்து இப்படி எழுதலாம்:

```
D1:  =(A1+B1+C1)/2
E1:  =SQRT(D1*(D1-A1)*(D1-B1)*(D1-C1))
```

E1-இல் `#NUM!` என்று வந்தால் சூத்திரத்தைக் குடைய வேண்டாம். ஏதோ ஒரு பக்கம் தவறாக வந்திருக்கிறது. ஆனால் இந்தச் சோதனை பெரிய பிழையைத்தான் பிடிக்கும். 95-ஐ 85 என்று படித்தால் அதுவும் ஒரு நல்ல முக்கோணமே. ஷீட் வாயே திறக்காது. அதற்குத் திரும்பக் கேட்பதைத் தவிர வழியில்லை.

டேப் அரை அடி தவறினால்

எண்ணைச் சரியாகப் படித்துவிட்டோம். அளந்ததில் பிழை இருந்தால்? டேப் தொய்ந்திருக்கலாம், வரப்பு வளைந்திருக்கலாம், மேடு பள்ளத்தோடு பிடித்திருக்கலாம். நம் மனையில் 60-ஐ 60.5 ஆக்கிப் பார்த்தால் பரப்பு 2870. 23 சதுர அடி கூடுகிறது. 95-ஐ 95.5 ஆக்கினால் 2861. ஆனால் 110-ஐ 110.5 ஆக்கினால் 2848. அரை அடி மாறியும் ஒரு சதுர அடிதான் வித்தியாசம். 110-க்கு எதிரே இருக்கும் மூலை கிட்டத்தட்டச் செங்கோணம் என்பதே காரணம். பரப்பு ஏற்கனவே உச்சமான 2850-க்குப் பக்கத்தில் நிற்கிறது; அங்கே அந்த மூலை கொஞ்சம் விரிந்தாலும் சுருங்கினாலும் பரப்பு அதிகம் அசையாது.

மெலிந்த முக்கோணத்தில் கதையே வேறு. சாலை ஓரத்தில் மிஞ்சும் துண்டு நிலங்கள் இப்படித்தான் இருக்கும். 110, 60, 51 என்று வைத்துக்கொள்வோம். s = 110.5, 110-ஐக் கழித்தால் 0.5. பரப்பு சுமார் 407 சதுர அடி. அந்த 110 உண்மையில் 110.5 ஆக இருந்திருந்தால் பரப்பு 290-க்கு விழுந்துவிடும். அரை அடி டேப் பிழைக்கு நிலத்தில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. கழித்து வந்த மூன்று எண்களில் ஏதாவது ஒன்று மற்றவற்றைவிட மிகச் சின்னதாக இருந்தால், இந்த ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட துண்டுக்குப் பக்க நீளங்களை மட்டும் நம்பிப் பணம் பேசக் கூடாது. அங்கேதான் உயரத்தையே நேரில் அளந்து வரச் சொல்ல வேண்டும். நிலம் குறுகலாக இருப்பதால் செங்குத்தை அளப்பதும் அங்கே சுலபம்.

வாய்க்காலை ஒட்டி ஒரு பக்கம் வளைந்திருந்தால் ஹெரான் நேர்கோட்டுக்கு உள்ளே இருப்பதை மட்டுமே சொல்வார். வளைவுக்கும் நேர்கோட்டுக்கும் இடையே இருக்கும் துண்டைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

நான்கு பக்கம் வந்தால்

முக்கோணத்துக்குப் பதில் சொல்லிவிட்டால், அடுத்த படம் நாற்கரமாக வரும். நான்கு பக்கத்துக்கும் நீளம் இருக்கும். 95, 60, 70, 80 என்று. இதற்கும் ஒரே மூச்சில் பரப்புச் சொல்லச் சொல்வார்கள். முடியாது. நான்கு குச்சிகள் ஆடும் என்று முன்பே பார்த்தோம். பிரம்மகுப்தரின் நான்கு பக்கச் சூத்திரம் ஒன்று இணையத்தில் கிடைக்கும். அது நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமையும் நாற்கரத்துக்கு மட்டும்தான் சரி. மற்ற நிலத்துக்கெல்லாம் அது கூடுதலாகவே காட்டும்.

கேட்க வேண்டியது ஒரே ஓர் அளவு: மூலைவிட்டம். எதிரெதிர் மூலைகள் இரண்டுக்கு இடையே டேப் பிடித்தால் நிலம் இரண்டு முக்கோணமாகிவிடும். 95-உம் 60-உம் ஒரு பக்கம், 70-உம் 80-உம் மறுபக்கம், நடுவில் மூலைவிட்டம் 110 என்று வந்தால், முதல் முக்கோணம் நமக்குத் தெரிந்த 2847. இரண்டாவதுக்கு s = 130; கழித்தால் 20, 50, 60; பெருக்கினால் 78,00,000; மூலம் 2793. மொத்தம் 5640 சதுர அடி, 12.95 சென்ட். அதே நான்கு பக்கத்துக்கு மூலைவிட்டம் 130 என்று வந்தால் இரண்டு முக்கோணமும் சேர்ந்து 5067 சதுர அடி, 11.63 சென்ட்தான். நான்கு பக்கமும் ஒரு அங்குலம்கூட மாறவில்லை, 1.3 சென்ட் குறைந்துவிட்டது. முடிந்தால் இன்னொரு மூலைவிட்டத்தையும் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். அதை வைத்து வேறு இரண்டு முக்கோணமாகப் பிரித்துக் கூட்டினாலும் அதே பரப்பு வர வேண்டும். பத்து இருபது சதுர அடி முன்பின் இருந்தால் டேப் தொய்வு என்று விடலாம், நூறு சதுர அடி வித்தியாசம் வந்தால் ஏதோ ஓர் அளவைத் தவறாக எழுதியிருக்கிறார்கள்.